முன்வரிசைப் பெட்டிகள்

ஜெபக்குமார் தைத்த பனியனில் யாரும் இதுவரை குறை கண்டதில்லை. காணவும் முடியாது. அவிநாசி ரோட்டை ஒட்டிய ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் அவர் சாம்பிள் டெய்லர். ஆர்டர் கொடுப்பதற்கு முன் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் தொட்டுப் பார்க்கிற முதல் உருப்படி அவர் கையால் வந்ததுதான். ஒரு பனியனுக்கு அரை நாள் எடுத்துக்கொண்டாலும் ஏனென்று கேட்க ஆள் கிடையாது. அதே பனியனைப் பிறகு லைனில் உட்கார்ந்து மளமளவென்று தைக்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தால்கூட சூப்பர்வைசர் தலைக்கு மேல் வந்து நிற்பார். சாம்பிள் வேறு, மொத்தச் சரக்கு வேறு என்பது திருப்பூரில் டீக்கடைக்காரருக்கும் தெரிந்த சங்கதி. ஜெபக்குமாருக்கோ அதுதான் பிழைப்பு. அப்படிப்பட்ட மனுஷனே ஒரு சாம்பிளைப் பார்த்து மயங்கிக் கிடந்தார் என்பதுதான் வேடிக்கை.

மயக்கியவர் தரணீதரன். நேரில் யாரும் பார்த்ததில்லை, செல்போனில்தான். 'காசுக்களம்' என்று ஒரு சேனல். ஓடாத காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, "ஏனுங்க, இன்னும் எத்தனை நாளைக்குங்க சம்பளத்தையே நம்பி இருப்பீங்க?" என்று அவ்வளவு அன்பாகக் கேட்பார். பங்குச் சந்தையில், விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுகிற ஆப்ஷனை வாங்கி விற்று அன்றைக்கு வந்த லாபத்தைப் பச்சை எழுத்தில் காட்டுவார். வீடியோவுக்குக் கீழே ஒரு லிங்க். அதன் வழியாகத்தான் டிரேடிங் கணக்கு திறக்க வேண்டும். டெலிகிராமில் மாதச் சந்தா கட்டும் குழு ஒன்றும் உண்டு. அதில் தினமும் என்ன வாங்க வேண்டும், எப்போது விற்க வேண்டும் என்று டிப்ஸ் வரும். ஜெபக்குமார் கணக்கும் திறந்தார், குழுவிலும் சேர்ந்தார். போதாததற்கு அயர்ன் மாஸ்டர் ராக்கையாவையும் சேர்த்துவிட்டார். ஜெபக்குமார் தன் கணக்கில் பணம் போடுவதுதான் பாக்கி.

அந்தப் பணத்தில்தான் வில்லங்கம். அவரும் மனைவி வேல்விழியும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு பஸ் ஏறி வந்தவர்கள். சொந்தமாக நாலு மிஷின் போட வேண்டும் என்பது அன்றைக்கே பேசிக்கொண்டது. வேல்விழி பழைய கம்பெனியில் செக்கிங் பார்த்துச் சேர்ந்த பி.எஃப் பணம், சீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்து இப்போதுதான் ஒரு வடிவத்துக்கு வந்திருந்தது. அனுப்பர்பாளையத்தில் திருமூர்த்தி என்பவர் தன் யூனிட்டை மூடுகிறார். நல்ல நிலையில் ஆறு மிஷின்கள். ஞாயிற்றுக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். கையில் இருந்தது அந்த ஆறுக்குச் சரியாகப் போதும்.

ஜெபக்குமாருக்கு ஆறு போதவில்லை.

"ரெண்டே வாரம் வேலு. இத அப்படியே போட்டு எடுத்தா பன்னெண்டு மிஷினு. திருமூர்த்தி அண்ணாச்சிகிட்ட கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக்கிடலாம்."

"போட்டது திரும்பி வரலன்னா?"

"தெனமும் ஜெயிக்கான். ஸ்கிரீன்லயே காட்டுதாம்லா."

வேல்விழி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். "பணம் என் கணக்குல கெடக்கு. நீங்க மனசார சரின்னு சொன்னா சனிக்கெழம அனுப்புதேன். ஆனா மனசாரச் சொல்லணும்" என்றாள். அந்த 'மனசார' ஜெபக்குமாரின் காலில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்காகச் சரக்கு வாங்கித் தரும் பையிங் ஹவுஸிலிருந்து அக்ஷரா என்ற பெண் வந்திருந்தாள். இந்தத் தடவை சரக்கு அரை டிராயர். அது கப்பல் ஏறலாமா கூடாதா என்று முடிவு செய்வது அவள்தான். மானேஜர் சிவசுப்பிரமணியம் இந்த மாதிரி நாட்களில் ஒரு வேலை செய்வார். திருத்தமாக வந்த உருப்படிகளை எல்லாம் தனியாகப் பொறுக்கி, ஜெபக்குமாரிடம் தட்டித் திருத்தச் சொல்லி, அவற்றை அடைத்த பெட்டிகளை முன்வரிசையில் கை நீட்டினால் எட்டும்படி வைத்துவிடுவார். அதற்காகவே அன்றைக்கு ஜெபக்குமாரும் பேக்கிங் பகுதியில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மேடம். இந்தப் பெட்டிய பிரிச்சுக் காட்டட்டுங்களா?"

அக்ஷரா சிரித்தாள். "ஏனுங்க சார், நீங்க காட்டுறதப் பாக்கறதுக்கு நான் எதுக்குங்க வரோணும்? போட்டோ அனுப்பியிருந்தா ஊட்லயே உக்காந்து பாத்திருப்பனே." பெட்டி எண்கள் எழுதிய தாளை வாங்கி, மனம் போனபடி சிலவற்றைச் சுழித்தாள். எல்லாம் சுவரோரம், அடியில் கிடந்தவை. லோடுமேன்கள் முனகிக்கொண்டே இழுத்துப் போட்டார்கள்.

பிரித்ததில் பாதிக்கு மேல் தேவலை. ஆனால் இடுப்பு எலாஸ்டிக் சில உருப்படிகளில் இழுத்தால் திரும்பிப் போகவில்லை.

"இந்த எலாஸ்டிக்க வாங்கச் சொன்னது யாருங்க?"

"நம்ம ஏஜெண்டு ஒருத்தருங்க. ரொம்ப நல்ல மனுசனுங்க மேடம்."

"நல்ல மனுசரா இருக்கட்டுங்க. அவருக்குக் காசு குடுக்கறது நீங்களா, எலாஸ்டிக் கம்பெனியா?"

சிவசுப்பிரமணியம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எலாஸ்டிக்கை மாற்றிவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்லிவிட்டு அக்ஷரா கிளம்பினாள்.

யாரும் பிரிக்காத முன்வரிசைப் பெட்டிகள் அப்படியே நின்றன. ஜெபக்குமார் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனையும் அவர் கை பட்டவை. ஒரு நூல்கூடப் பிசகாதவை. சட்டென்று அவருக்கு அந்த ஓடாத காரும் பச்சை எழுத்துகளும் ஞாபகம் வந்தன. அதுவும் யாரோ பொறுக்கி முன்னால் வைத்ததுதானோ?

சாப்பாட்டு நேரத்தில் ராக்கையாவைத் தேடிப் போனார். கொஞ்ச நாளாகவே ராக்கையா இவரைக் கண்டால் ஒதுங்கித்தான் போனான். அயர்ன் டேபிளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ராக்கையா, ஒன் போனக் குடுடே. நான் ஒனக்கு அனுப்பின டிப்ஸெல்லாம் இருக்கா?"

"இருக்குண்ணே. எதுக்கு அழிக்கப் போறேன்?"

அயர்ன் டேபிளில் நிற்கிற ராக்கையா குழுவைப் பார்க்கத் தவறிவிடுவான் என்று, ஜெபக்குமார் ஆரம்பத்தில் அதில் வந்ததை எல்லாம் சுடச்சுட ராக்கையாவின் வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்புவார். அந்தப் பழைய செய்திகளையும் தன் போனில் இருந்த தரணீதரனின் குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்ஷரா சுழித்த மாதிரியே, கண்ணில் பட்ட தேதிகளைத் தொட்டார். ராக்கையாவின் போனில் இருந்த பல டிப்ஸ்கள் குழுவில் இல்லை. வெறும் காலி. மிஞ்சியிருந்தவை எல்லாம் ஜெயித்தவை.

"காணாமப் போனதெல்லாம் எது தெரியுமாண்ணே?" ராக்கையா தலையைத் தூக்காமல் சொன்னான். "எனக்குக் காசு போனது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நான் இந்தப் பக்கமே வரல. எனக்குத்தான் வெளையாடத் தெரியலன்னு நெனச்சேன்."

நண்பன் தன்னையே குறை சொல்லிக்கொண்டு தனியாகச் சோறு தின்றிருக்கிறான். அவர் அவனைச் சேர்த்துவிட்டதற்குக் குழுவில் அவருக்கு ஒரு மாதச் சந்தா தள்ளுபடி. சேர்த்துவிட்ட அன்றைக்கு அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தாரே தவிர, ராக்கையாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

"ஒன்னச் சேத்ததுக்கு எனக்கு ஒரு மாசம் ஓசிடே. நான் சொல்லல. மன்னிச்சிரு."

ராக்கையா நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தார். எலாஸ்டிக் ஏஜெண்டு பேச்சு அயர்ன் டேபிள் வரைக்கும் எட்டியிருந்தது போல. அவனோ, "அப்ப நீங்களும் ஏஜெண்டுதானாண்ணே?" என்று கேட்டுவிட்டு, தன்னை மீறிச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு ஜெபக்குமாருக்கு அடியை விட வலித்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வேல்விழியின் பக்கத்தில் போனோடு உட்கார்ந்தார். இத்தனை நாள் பார்க்காத இடங்களை இருவரும் பார்த்தார்கள். வீடியோவுக்குக் கீழே 'மேலும்' என்று இருந்ததைத் தட்டினால், பொடி எழுத்தில் நீளமாக ஒரு பாட்டு: நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, இது கல்விக்காக மட்டும், கீழே உள்ள லிங்க் வழியாக எனக்கு வருமானம் வரலாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான அந்த செபியின் தளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியலில் பெயரைப் போட்டுத் தேடினால், அங்கேயும் ஆள் இல்லை. லிங்க் கூட்டிக்கொண்டு போன புரோக்கர் கம்பெனியின் பக்கத்திலேயே, எங்களோடு சேர்ந்து தொழில் செய்ய வாருங்கள் என்று ஓர் அழைப்பு. அவர்களின் அங்கீகாரம் பெற்ற ஒருவர் யாரைச் சேர்த்துவிட்டாலும், அந்த ஆள் வாங்கி விற்கும் ஒவ்வொரு தடவையும் கம்பெனி எடுக்கும் கமிஷனில் சேர்த்துவிட்டவருக்குப் பங்கு.

"அப்ப நாம தோத்தாலும் அவனுக்கு வருமா?" என்றாள் வேல்விழி.

"ஜெயிச்சாலும் வரும், தோத்தாலும் வரும். நாம சும்மா இருந்தாத்தான் வராது. அதான் தெனமும் வெளையாடச் சொல்லுதான்."

கடைசியாக ஜெபக்குமார் குழுவில் மரியாதையாக ஒரு கேள்வி போட்டார்: 'சார், ஒரு நாள் லாபம் வேண்டாம். போன வருஷம் முழுசுக்குமான லாப நஷ்டக் கணக்கு, வரிக்குக் காட்டியது, பார்க்கலாங்களா?' அப்படி ஒன்று காட்டியிருந்தால்கூட யோசித்திருப்பார். வேல்விழி உலைக்கு அரிசி களைந்துவிட்டு வருவதற்குள் அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"வேலு, மனசாரச் சொல்லுதேன். திருமூர்த்தி அண்ணாச்சிக்குப் போனப் போடு."

அவள் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. ராக்கையாவும் மிச்சமிருந்ததை மறுநாளே வெளியே எடுத்துவிட்டான். போனது போனதுதான். ஆனால் அவன் ஜெபக்குமாரோடு டீக்கடைக்கு வருவது மறுபடி ஆரம்பித்தது.

இப்போது அந்த ஆறு மிஷின்களும் அங்கேரிப்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஓடுகின்றன. லாபம் கொழிக்கிறது என்றெல்லாம் சொல்ல முடியாது, ஓடுகின்றன. வேல்விழி செக்கிங். ராக்கையா கம்பெனி விட்டதும் வந்து அயர்ன் போட்டுக் கொடுக்கிறான். போன வாரம் காதர்பேட்டையிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார், கலைமகள் என்ற அம்மா. பெரிய ஆர்டர். கிடைத்தால் வருஷம் முழுக்கக் கவலை இல்லை.

"சாம்பிள் ஒண்ணு எடுங்க பாக்கலாம்" என்றார்.

ஜெபக்குமாரின் கை பழக்கத்தில் மேஜை இழுப்பறைக்குப் போனது. உள்ளே அவரே தைத்த அருமையான பனியன் ஒன்று இருந்தது. வேல்விழி அவரைப் பார்த்தாள், ராக்கையா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். அவர் இழுப்பறையைத் திறக்காமலே கையை எடுத்துக்கொண்டார்.

"அந்தா பின்னால குமிஞ்சு கெடக்கு பாருங்கம்மா, நேத்து ஓட்டுனது. எதுல இருந்து வேணும்னாலும் நீங்களே உருவிக்கிடுங்க."

அந்த அம்மா குவியலின் அடியில் கையை விட்டு ஒன்றை உருவினார். ஓரத்தைத் திருப்பினார், கழுத்தை இழுத்து விட்டார், வெளிச்சத்தில் பிடித்தார். ஜெபக்குமாருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தன் சாம்பிள்களுக்காக ஒருநாளும் அப்படி அடித்ததில்லை.

"ஒரு எடத்துல நூலு வெட்டாம உட்டுருக்கீங்க" என்றார் அந்த அம்மா. "இந்த ஊர்ல குமிச்ச எடத்துல என்னையக் கைய உடச் சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க. நாளைக்குத் துணி அனுப்பறேன், அளவு எழுதிக்கங்க."

வேல்விழி கத்தரியை எடுத்து அந்த நூலை வெட்டினாள்.