ஞாயிறு மட்டும் வராத அழைப்புகள்

காலை எட்டு மணிக்கு மேசை லாச்சியைத் திறக்க இப்போதெல்லாம் தயாளினிக்குப் பயமாய் இருந்தது. உள்ளே இருப்பது பாம்பு இல்லை, அலுவலகப் போன்தான். மாலை ஐந்துக்கு அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாள். காலையில் பார்த்தால் எடுபடாத அழைப்புகள் வரிசையாய்க் கிடக்கும். ஐந்தரைக்குப் பிறகு தொடங்கி, இரவு இரண்டரைக்குள் ஓய்ந்திருக்கும். திங்கள் முதல் சனி வரை இதே கூத்து. ஞாயிறு இரவு மட்டும் ஒன்றுமே இல்லை.

"பேய்க்கும் ஞாயிறு லீவாக்கும்" என்று ஒருநாள் தனக்குள் சொல்லிச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை. பூட்டிய கடைக்குள், இருட்டில், அந்தப் போன் தனியே அடித்துக்கொண்டிருப்பதை வீட்டில் படுக்கும்போது நினைத்துப் பார்ப்பாள். காதுக்குள் அது கேட்கும்.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்புறத் தெருவில் இருந்தது அவளுடைய கடை. கடை என்றால் ஒரு மேசை, நாலு கதிரை, சுவரில் ஒரு சாமிப்படம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனித்துப் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குப் பராமரிப்பு ஆட்களை அனுப்புவதுதான் தொழில். விசாரிப்பவர்களோடு கதைப்பது தயாளினி மட்டும். எட்டு முதல் ஐந்து வரை. அது கல்லில் எழுதிய சட்டம். முதல் வருடம் போனை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பட்டபாடு போதும் என்றாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தவர்களில் பாதிப்பேர் குடித்துவிட்டு உளறும் வெறிகாரர். பொம்பிளைக் குரல் கேட்டால் அவர்களுக்குக் கதை நீளும்.

அதனால்தான் இரவில் அழைத்தவர் எவரையும் அவள் திருப்பி அழைப்பதில்லை. அதிலும் 417 என்று முடியும் ஒரு நம்பர், நாலு இரவு தொடர்ந்து வந்தது. ஓர் இரவில் பதினொரு தரம். "உவனுக்கு வேறை வேலை இல்லை" என்று ஐந்தாம் நாள் காலை அதைப் புளொக் பண்ணினாள். ஐந்து கிழமைக்கு முந்திய கதை அது. அன்றைக்குத் தேத்தண்ணி கூட ருசியாய் இருந்தது.

ஆனால் பகலில் போன் ஊமையாய்க் கிடந்தது. கூகிளில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தும் ஆள் தேடிப் புதிதாய் எவரும் கதைக்கவில்லை. விளம்பரத்தைப் போட்டுக் கொடுத்தவன் ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான் கிருஷாந். கேட்டால், "மச்சாள், ரிப்போட்டைப் பார்த்தனான். நீங்கள் சொன்னமாதிரி எட்டிலை இருந்து ஐஞ்சு வரைக்கும்தான் போகுது. மற்ற நேரம் ஒருத்தருக்கும் காட்டாது" என்பான். கடைசியில் பொறுக்கமாட்டாமல், நெல்லியடியில் இப்படி விளம்பரம் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்யும் மயூரதனை வரச்சொன்னாள்.

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அவன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். கிருஷாந் அனுப்பிய அனுமதியோடு விளம்பரக் கணக்கைத் திறந்தான். அட்டவணை சரியாய்த்தான் இருந்தது. திங்கள் முதல் சனி, எட்டு முதல் ஐந்து, ஞாயிறு இல்லை. காட்டும் இடம் யாழ்ப்பாணக் குடாநாடு. அதுவும் சரி. மயூரதன் தாடையைச் சொறிந்துகொண்டு வேறொரு பக்கத்துக்குப் போனான். அதில் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தான்.

"அக்கா, இந்தக் கணக்கை ஆர் திறந்தது?"

"கிருஷாந்தான். அங்கை இருந்து."

"அதுதான். கணக்கின்ரை நேரம் ரொறொன்ரோ நேரம். அட்டவணையும் ரிப்போட்டும் கணக்கின்ரை நேரத்திலைதான் ஓடும். பார்க்கிறவர் அளவெட்டியிலை இருந்தாலும் ஒண்டுதான். அங்கை காலமை எட்டு மணி எண்டால், இப்ப இஞ்சை பின்னேரம் ஐஞ்சரை. அங்கை பின்னேரம் ஐஞ்சு எண்டால், இஞ்சை இரவு இரண்டரை."

தயாளினி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"நீங்கள் பூட்டிக்கொண்டு போனாப்பிறகுதான் விளம்பரம் முழிக்குது, அக்கா. ஞாயிறு அதுக்கு லீவு."

பேய் பிடிபட்டுவிட்டது. ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. அப்படியென்றால் அந்த வரிசையில் கிடந்தவர்கள் வெறிகாரர் இல்லை.

"விளம்பரத்திலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

மயூரதன் வாசித்தான். "வீட்டில் முதியவரைப் பார்க்க ஆள் வேண்டுமா? இப்பவே கூப்பிடுங்கோ."

நேரத்தை மட்டும் தள்ளிப்போட்டால் நவம்பரில் கனடாக்காரர் மணிக்கூட்டைத் திருப்பும்போது மறுபடி ஒரு மணித்தியாலம் பிசகும் என்றான் அவன். இலங்கை நேரத்தில் புதுக் கணக்குத் திறப்பதுதான் வழி. அதுவரை இதை நிறுத்தி வைப்போம் என்று நிறுத்திவிட்டு, ஐந்து மணிக்கு எழும்பிப் போனான். அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகும் அவள் லாச்சியைப் பூட்டவில்லை.

தடுத்த நம்பரிலிருந்து வந்தவற்றைப் போன் ஒரு பட்டியலாய்ச் சேர்த்து வைத்திருந்தது. அதுவரை அவள் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். புளொக் பண்ணிய பிறகு 417 மூன்று தரம் அழைத்திருக்கிறது. காலை ஒன்பது பத்து. பதினொன்றரை. பகல் இரண்டு ஐந்து. மூன்றும் வேலை நேரம். மூன்று நேரமும் இதே கதிரையில் அவள் சும்மா இருந்திருக்கிறாள். அதன்பிறகு அந்த நம்பர் வரவேயில்லை.

தடையை நீக்கி, நம்பரை அழுத்தினாள். ஒரே அடியில் எடுபட்டது.

"ஆர்?" வயதான பெண்குரல்.

"அம்மா, நான் சாவகச்சேரியிலை இருந்து கதைக்கிறன். ஆள் அனுப்பிற இடம். இந்த நம்பரிலை இருந்து முந்தி எடுத்திருக்கினம்…"

"ஓம் பிள்ளை. எங்கடை இவர் எடுத்தவர். அருளம்பலம். நான் செல்வநாயகி, அளவெட்டி. நான் இடுப்பு முறிஞ்சு படுக்கையிலை. இவர் ஒராள்தான் தூக்கித் திருப்பிறது. பகலிலை பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கைகுடுக்கும். இராவிலைதான் கஷ்டம்."

"இப்ப ஐயா…?"

"நாளைக்கு அந்தியேட்டி, பிள்ளை. இவர் போய் முப்பத்தொராம் நாள். என்னைத் தூக்கேக்கை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர், எழும்பேல்லை."

மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கென்று சொல்லிக் கேட்பது? ரொறொன்ரோ நேரத்துக்கா? அதைக் கிருஷாந்தின் தலையில் கட்டலாம். புளொக் பண்ணிய விரல் அவளுடையது.

"அம்மா, பிழை என்ரை. இராவிலை எடுத்தபடியால் ஆரோ வெறிகாரன் எண்டு நினைச்சு, நான்தான் ஐயாவின்ரை நம்பரைத் தடுத்து வைச்சனான்."

கிழவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தயாளினி தாங்கியிருப்பாள்.

"நானும் சொன்னனான், விடியட்டும், இப்ப அவையும் படுத்திருப்பினம் எண்டு. இவர் கேக்கேல்லை. 'இப்பவே கூப்பிடுங்கோ எண்டு போட்டிருக்கு, பொய் சொல்லுவினமே' எண்டார். பிறகு பகலிலையும் எடுத்துப் பார்த்தவர். கடைசியிலை இந்தப் போனை என்ரை தலையணைக்குக் கீழை வைச்சு, 'எங்கடை நம்பர் அவையளிட்டைக் கிடக்கும், எப்பிடியும் திருப்பி எடுப்பினம், உடனை எடு' எண்டவர். அதுதான் நான் சார்ஜ் போட்டு வைச்சிருக்கிறன்."

தயாளினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல்களுக்கிடையால் வழிந்து மேசையில் சொட்டியது.

"இப்ப உங்களோடை ஆர் அம்மா நிக்கினம்?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐஞ்சு மணிக்குப் போயிடும். பிறகு ஒருத்தரும் இல்லை." குரல் தயங்கியது. "இப்ப உங்கடை வேலை நேரமோ, பிள்ளை? திறந்திருக்கே?"

சுவர் மணிக்கூட்டில் ஐந்தரை. தயாளினி லாச்சியைப் பூட்டும் திறப்பை மேசையிலேயே விட்டுவிட்டு, போனைக் காதோடு பிடித்தபடி எழுந்து செருப்பைத் தேடினாள்.

"ஓம் அம்மா. திறந்திருக்கு. நான் வாறன்."