கதிரையில தொழுத மகன்

நான் தையல்காரன். ஜபார் டெயிலர் எண்டு கேட்டா கற்பிட்டி றோட்டில யாரும் காட்டுவாங்க. இந்த வருசம் மட்டும் மகன் அர்கமின்ட களிசான் கால் ரெண்டையும் மூணு முறை மடிப்பவிழ்த்து நீட்டினேன். மூணாவது முறை, துணி சுருங்கிட்டு எண்டு துணிக்கடைக்காரனோட சண்டைக்கும் போனேன். பதின்மூணு வயசுப் பொடியன் வளர்றான் எண்டு ஒரு ஆள் வந்து எனக்குச் சொல்ல வேணுமா? வேணும். நான் அப்பிடித்தான்.

அர்கம் பாடசாலை ஃபுட்போல் டீமில முன்னுக்கு ஆடுறவன். ஷேர்ட்டுக்கு அளவு குடுக்க வாறவனுக்கும் "நம்மட மகன் மாவட்டத்துக்கு ஆடப் போறான்" எண்டு சொல்லிட்டுத்தான் டேப்பை எடுப்பேன். கொஞ்ச நாளா குதிகாலை ஊனாம ஒரு மாதிரி நடந்தான். ஸ்டைல் எண்டு நினைச்சேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு திரும்பிப் பாத்தா, கடைசி வரிசையில, முழங்கால் தேஞ்ச வயசாளிகளுக்குப் போட்ட கதிரையில அர்கம். நிலத்தில முழங்கால் ஊனாம, இருந்தபடியே தொழுதிருக்கிறான். பள்ளிவாசல் நிர்வாகத்து மர்ஸூக் ஹாஜியார் என்ட பக்கம் சாஞ்சு, "ஜபார், ஒங்கட மகனுக்கு வயசு எழுவதா?" எண்டு கேட்டார். நாலு பேர் சிரிச்சாங்க.

நான் சும்மா இருப்பனா? சனத்துக்கு முன்னாலயே கத்தினேன். "பந்து அடிக்க முழங்கால் இருக்கு, சுஜூது செய்ய மட்டும் இல்லையா? பொய்க்காரன்!"

 அண்டைக்கு அசர் தொழுகைக்கு அவன் என்ட பக்கத்தில நிண்டு தொழுதான். சுஜூதில நெத்தியை நிலத்தில வைக்கக் குனிஞ்சு, முழங்கால் தரையில பட்டதும் மூச்சை இழுத்துப் பிடிச்சான். நடிக்கிறான் எண்டு நினைச்சேன்.

அப்பிடியே ஒரு கிழமை. முழங்காலுக்குக் கீழ, முன் எலும்பில, பாக்களவுக்குப் புடைச்சு வீங்கிட்டு. "நீங்களும் ஒரு வாப்பாவா?" எண்டு பொஞ்சாதி கேட்டா. கடையைப் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டொக்டர் பாத்துட்டு, பயப்பட ஒண்டுமில்ல எண்டு பிசியோ றிஃப்னா மிஸ்ஸிட்ட அனுப்பினார். மிஸ் அர்கமைக் குப்புறப் படுக்க வெச்சு முழங்காலை மெல்ல மடக்கினா. பாதி வழியிலயே தொடை இறுகிட்டு.

"எலும்பு அவசரப்பட்டு நீண்டுட்டு," எண்டா. "தசையும், அதை எலும்போட கட்டுற நாணும் பிந்தித்தான் நீளும். அது மட்டும் இறுகி நிண்டு இழுக்கும். நாண் பிடிச்சிருக்கிற இடம் இந்த வயசில முத்தின எலும்பில்ல, குருத்தெலும்பு. இழுக்க இழுக்க அது நோகும், வீங்கும். குதியிலயும் இதே கதைதான். அங்க இழுக்கிறது கெண்டைக்கால் தசை."

"மேல்துணியை நீட்டிட்டு லைனிங்கை நீட்டாம விட்டா, சேத்துத் தைச்ச இடத்தில இழுக்குமே, அப்பிடியா மிஸ்?"

"ஓம். ஆனா இந்த லைனிங் தானாவே நீளும். கொஞ்சம் பொறுக்கணும். வளர்த்தி நிக்க நோவும் போயிடும். சில பேருக்கு அந்தப் புடைப்பு மட்டும் மிஞ்சும், அதால மோசம் இல்ல. நொந்தா ஐஸ் வைங்க. தொடையையும் கெண்டையையும் இழுத்து விடுற பயிற்சி சொல்லித் தாறேன். புடைப்பில எண்ணெய் போட்டு அமத்தாதீங்க. பந்தைக் கொஞ்ச நாளைக்குக் குறைக்கணும்."

"நான் பந்து ஆடி இருபத்திமூணு நாள் ஆச்சு, மிஸ்," எண்டான் அர்கம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "பின்னேரம் பின்னேரம் பூட்ஸோட எங்கடா போன?"

"மைதானத்துக்குத்தான். ஓரத்து வாங்கில குந்தியிருந்தேன்."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க கடைக்கு வாற எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தீங்களே, வாப்பா."

மிஸ்ஸுக்கு விளங்கல்ல. "ஆடாம இருந்தா குறைஞ்சிருக்கணுமே. இந்த வீக்கம் எப்பிடி வந்த?"

"குறைஞ்சுதான் இருந்துது," எண்டான். "ஒரு கிழமையா நிலத்தில தொழுறேன்."

மிஸ் என்னைப் பாக்கல்ல. நல்ல பிள்ளை. "அந்த இடத்தை இப்ப தரையில ஊன வேணாம். கதிரையில தொழட்டும்," எண்டு மட்டும் சொன்னா. எனக்கு வெக்கமா இருந்துது. அழுகையும் வந்துது, ஆனா அங்க நிறைய ஆள்.

அடுத்த வெள்ளி, தொழுகைக்குப் பாங்கு சொல்ல முந்தியே போய், கடைசி வரிசைக் கதிரை ஒண்டைத் துடைச்சு அர்கமை இருத்தினேன். மர்ஸூக் ஹாஜியார் கண்டுட்டு, "எழுவது வயசுக்காரர் திரும்பி வந்துட்டாரா?" எண்டார்.

நான் எழும்பினேன். போன முறை கத்தின அளவுக்கே கத்தினேன். "ஹாஜியார், அண்டைக்கு இந்த இடத்தில என்ட மகனைப் பொய்க்காரன் எண்டு சொன்னேன். அவனுக்கு உண்மையாவே கால் நோகுது. பிழை என்ட. எல்லாரும் கேட்டுக்கங்க."

ஒருத்தரும் சிரிக்கல்ல. அர்கம் நான் உடுத்திருந்த சாரத்தைப் பிடிச்சு இழுத்தான். "இருங்க வாப்பா. சனம் பாக்குது."

அவன்ட கதிரைக்குப் பக்கத்திலயே நிண்டு தொழுதேன். சுஜூதால எழும்பேக்க அவன்ட கால் கண்ணில பட்டுது. களிசான் கணுக்காலுக்கு மேல நாலு விரல் ஏறியிருந்துது. அதில அவிழ்க்க இனி மடிப்பு இல்ல.

பின்னேரம் புதுக் களிசானுக்குத் துணி எடுத்தேன். மகனைக் கூப்பிட்டு நிக்க வெச்சு, எங்க எங்க நோகுது எண்டு கேட்டேன். அவன் சொல்லி முடிச்ச பிறகுதான் டேப்பை எடுத்தேன்.