பேர் ஒட்டின டப்பா

மகள் லீலா போய்ச் சேர்ந்தது மார்கழியில். விஷக்காய்ச்சல். பங்குனி பிறந்தும் தமயந்தி பின்கட்டுக் கொட்டகைப் பக்கம் எதற்காகப் போகிறாள் என்பது அவள் புருஷன் கந்தவேலுக்குத் தெரியும். அங்கே காலி ஜாம் பாட்டில்கள் சாக்கு விரித்த பலகையில் அடுக்கியிருந்தன. கொடைக்கானலுக்கு சீசனுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போக, வருஷா வருஷம் தமயந்தி பிளம்ஸ் ஜாமும் பேரிக்காய் ஜாமும் போடுவாள். ஏரியைச் சுற்றியுள்ள பங்களாக்காரர்கள் காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பாட்டில்களில் ஒட்டியிருந்த காகிதத்தில் எல்லாம் லீலாவின் கையெழுத்து. 'ஜா' எழுதும்போது துணைக்காலைக் கீழே இழுத்து ஒரு சுழி சுழிப்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த பிறகும் அந்தச் சுழியை விடவில்லை.

தமயந்தி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, அந்தச் சுழியை விரலால் தடவிவிட்டு வைப்பாள். அடுப்பில் சோறு தீயும் வாசம் வந்தாலும் எழுந்திருக்கமாட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் புக்கிங் பார்க்கும் கந்தவேல் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "சீசன் வந்துருச்சு. பாட்டிலைக் கழுவணும்ல?"

"கழுவுறேன்" என்பாள். கழுவமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாள்மலைத் தோட்டக்காரரிடம் பிளம்ஸுக்குச் சொல்லிவைக்க அவள் பஸ் ஏறினாள். கந்தவேல் அண்டாவில் வெந்நீர் போட்டார். சலவைச் சோடாவைக் கரைத்து, பாட்டில்களை முக்கினார். முதல் தடவை கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் இரண்டு பாட்டில்கள் அடியில் விரிசல் விட்டுவிட்டன. பிறகு கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவிக்கொண்டார். மைதாப் பசைதானே, கொஞ்ச நேரத்தில் ஊறி, காகிதங்கள் தாமாகவே கழன்று மேலே மிதந்தன. மை கரைந்து தண்ணீர் நீலமாயிற்று. அவர் அதைப் பார்க்காமல் வாரி எடுத்துக் குப்பைக் குழியில் போட்டார். பாட்டில் கழுத்தில் வழவழப்பாக நின்ற பசையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தார். வெயிலில் கவிழ்த்து வைத்தபோது, பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்ததாகத்தான் நினைத்தார்.

மத்தியானம் தமயந்தி வந்தாள். கொட்டகை வாசலில் வரிசையாகப் பளபளக்கும் பாட்டில்களைப் பார்த்தாள். கையிலிருந்த பையை இறக்கவில்லை.

"யாரைக் கேட்டுக் கழுவுனீங்க?"

"நீ படுற பாட்டப் பாத்துக்கிட்டு இருக்க முடியல தமயந்தி. அதான்..."

"ஒண்ணையாவது விட்டு வச்சிருக்கலாம்ல?"

அவருக்கு அது தோன்றவே இல்லை. அவள் குப்பைக் குழிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். ஈரக் காகிதம் எல்லாம் கூழாகி, சாம்பலோடு பிசைந்து கிடந்தது.

மறுநாள் வெள்ளனே பையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனாள். எந்த பங்களாவிலாவது திருப்பித் தராத பாட்டில் ஒன்று கிடக்காதா என்றுதான். பாதி பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்தவற்றில், இருந்ததையெல்லாம் போன மழைக்காலத்திலேயே கொடுத்தாயிற்று என்றார்கள். கடைசியாக, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் இருந்த பங்களாவின் சமையல்காரர் திருமலைச்சாமி அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வா தாயி. ஒம் பாட்டில் மூணு கெடக்கு. எடுத்துட்டு வாறேன்."

தமயந்தி பையை அகல விரித்துப் பிடித்தாள். அவர் கொண்டுவந்து வைத்த மூன்று பாட்டில்களும் கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குச் சுத்தமாக இருந்தன.

"சுடுதண்ணியில ஊறப்போட்டு நானே லேபிளை எடுத்துட்டேன். மக போன வீடு, நீ வேற இந்தச் சோலியப் பாக்கணுமான்னு..."

"நல்லா இருங்கண்ணே" என்று மட்டும் சொல்லி, பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டாள். திரும்புகிற வழியெல்லாம் அவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஏரி முடியும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, பனி விலகும்வரை அழுதாள்.

வீட்டுக்கு வந்தால் கந்தவேல் வேலைக்குப் போகாமல் கொல்லையில் குந்தியிருந்தார். மடியில் லீலாவின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஆறு டீச்சர்மாருக்கும் ஒரே மாதிரி டப்பா என்று, ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை வெட்டி மூடிமேல் ஒட்டி 'லீலா' என்று எழுதிவைத்திருந்தாள். பிளாஸ்திரித் துணியை அவர் உரித்துவிட்டிருந்தார். அதன் பிசின் மட்டும் கட்டம் கட்டினாற்போல் அப்பிக் கிடந்தது. தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாமல், தேய்க்கத் தேய்க்கப் பரவி, அழுக்கைப் பிடித்துக் கறுத்திருந்தது. அவர் பேனாக்கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இதையுமா?" என்றாள். "இதுலயும் அவ பேரு இருக்கக் கூடாதா ஒங்களுக்கு?"

கந்தவேல் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒரு வாரமா நான் இதுலதான் சாப்பாடு கொண்டு போறேன் தமயந்தி. ஒனக்குத் தெரியாம என் டப்பாவுல இருந்து மாத்திப் போட்டுக்கிருவேன். கவுண்டர்ல வச்சிருந்தா வர்றவன் போறவன் எல்லாம் படிக்கிறான். லீலா யாரு சார், ஒங்க மகளா, என்ன படிக்குதுங்கிறான். வத்தலக்குண்டுக்கு டிக்கெட் கேக்குறவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? முந்தாநேத்து ஒருத்தன்கிட்ட டீச்சரா இருக்குன்னு சொல்லிட்டேன். இருக்குன்னு சொல்லிட்டேன்." அவர் தோள் குலுங்கியது. "டப்பாவ விட்டுட்டுப் போகவும் மனசு வரல."

லீலா போனதிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. எல்லாக் காரியத்தையும் நின்று முடித்தவர், பத்தாம் நாளே வேலைக்குப் போனவர், இவருக்கு என்ன இருக்கிறது என்று அவள் உள்ளுக்குள் பல தடவை நினைத்திருக்கிறாள்.

அவள் பையை இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடியைக் கையில் வாங்கினாள். கத்தி பட்ட இடத்தில் இரண்டு கீறல்கள்.

"சுரண்டுனா இப்படித்தான் கோடு விழும். இது தண்ணிக்குப் போறதில்ல. எண்ணெய்க்குத்தான் எளகும்."

உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணமும் பழைய சீலைத்துணியும் யூகலிப்டஸ் தைலச் சீசாவும் எடுத்துவந்தாள். எண்ணெயைப் பிசின்மேல் தடவி ஊறவிட்டாள். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டைவிரலால் ஓரத்திலிருந்து உருட்டினாள். கறுப்புப் பிசின் நூல் நூலாகத் திரண்டு வந்தது. அதைத் துணியில் வழித்தாள். மிச்சம் நின்ற மெல்லிய படலத்தில் துணியால் தைலத்தைத் தொட்டுத் தேய்த்தாள். லீலா காய்ச்சலில் கிடந்த அறையிலும் இந்த வாசம்தான் இருந்தது. தமயந்தியின் கை நின்றது.

"போதும், விடு" என்றார் கந்தவேல்.

"இருக்கட்டுங்க. அரைகுறையா விட்டா மறுபடியும் அழுக்குப் பிடிக்கும்."

கண்ணீர் மூடிமேல் விழுந்து எண்ணெயில் ஒட்டாமல் ஓடியது. அவள் தேய்த்து முடித்தாள். சலித்த சாம்பலும் வெந்நீரும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினாள். ஒட்டியிருந்த இடமே தெரியவில்லை. விரலை வைத்துப் பார்த்தாள். வழவழவென்று வெறுமையாக இருந்தது.

"பாட்டில் விஷயத்துல நீங்க செஞ்சத என்னால மறக்க முடியாது" என்றாள் அவரைப் பார்க்காமல்.

"தெரியும்."

மேகம் இறங்கிக் கொல்லையை மூடியது. அவள் கவிழ்த்திருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைக்க, அவரும் எழுந்து வந்து கூட எடுத்துவைத்தார்.

மறுநாள் வெள்ளனே அடுப்பு மூட்டி, எலுமிச்சைச் சாதம் கிளறி, அவளே அந்த டப்பாவில் போட்டு மூடி அவர் கையில் கொடுத்தாள்.