அண்ணனைப் பற்றி நாலு வரி

அந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் பொதிந்து, நீராவியில் கிருமி நீக்கி அனுப்பும் பிரிவு தரைத்தளத்துக் கோடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, எப்போதும் வெந்நீர் வாசனை. அங்கே வேலை செய்வோர் ஒன்பது பேர். அவர்களுக்குப் பொறுப்பாளர் ஒரு பெண்; வயது நாற்பதைத் தொடுகிறது. யாரையும் அதட்டத் தெரியாதவள். அதட்டாமலே ஆறு வருஷம் பிரிவை நடத்திவிட்டாள் என்றால் அவள் கெட்டிக்காரி என்றும் சொல்லலாம், மற்ற ஒன்பது பேரும் நல்லவர்கள் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் சம்மதம்.

வருஷம் ஒருமுறை அப்ரைசல் என்கிற வேலை மதிப்பீடு வரும். ஆளுக்கொரு படிவம். அதில் பொறுப்பாளர் நாலு வரி எழுத வேண்டும். பணியாளர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை நாளும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். இந்த வருஷம்தான் வம்பு வந்தது. வேறொரு பிரிவில் ஓர் அம்மாள், "படிக்கத் தெரியாத பாஷையில எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க" என்று சண்டை பிடித்தாள். நிர்வாகம் பயந்துபோய், இனி குறிப்புகள் தமிழில்தான் என்று உத்தரவு போட்டது. கூடவே எச்.ஆர். அலுவலகம், பார்த்து எழுதத் தோதான தமிழ் வாக்கியங்களின் பட்டியல் ஒன்றையும் அனுப்பியது.

எட்டுப் பேருக்குப் பொறுப்பாளர் எப்படியோ எழுதி முடித்தாள். ஒன்பதாவது ஆளிடம் பேனா நின்றுவிட்டது.

அவரைக் 'கடிகாரத்து அண்ணன்' என்பார்கள். ஆட்டோகிளேவ் என்கிற அந்த நீராவி இயந்திரத்தை இயக்குபவர். அது போடும் சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். சிக்கலும் அங்கேதான். இயந்திரம் நின்று, வெப்பமும் நேரமும் பதிந்த சீட்டு வெளியே வந்து, அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் லாக் புத்தகத்தில் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அண்ணன், பொதிகள் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும்போதே, முடியப்போகும் நேரத்தைக் கணக்காக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார். இதுவரை எந்தப் பொதியும் கெட்டுப் போகவில்லை. என்றைக்காவது கடைசி ஐந்து நிமிஷத்தில் இயந்திரம் மக்கர் பண்ணினால், கிருமி ஏறக்கூடிய ஈரப் பொதி நேரே யாரோ ஒருவரின் திறந்த வயிற்றுப் பக்கத்துக்குப் போகும்.

ஆறு வருஷமாக அவர் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார். இந்த வருஷம் நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று நிர்வாகத்தின் குழு ஒன்று முடிவு செய்யும். குழுவுக்குக் கையில் இருப்பது இந்த நாலு வரிதான்.

பழைய படிவங்களில் என்ன எழுதினோம் என்று பார்க்கக் கோப்பை எடுத்தாள். "நீட்ஸ் டு பி மோர் அட்டென்டிவ் டு டாக்குமென்டேஷன்." பதிவு எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும் என்று அர்த்தம். அது போன வருஷத்து வரி. அதற்கு முந்தின வருஷமும் அதே. மற்றவர்களின் கோப்புகளைப் புரட்டினாள். ஒன்பது பேருக்கும் ஒரே வரி! வாழ்நாளில் லாக் புத்தகத்தைத் தொட்டேயிராத, கத்தரிக்கோல் மட்டும் கழுவுகிற பெண்ணுக்குக்கூட. தனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதை இவள் பார்த்து எழுதியிருக்கிறாள். அவர் யாரைப் பார்த்து எழுதினாரோ. ஆறு வருஷமாக ஒருவர் முகம் வாடியதில்லை. ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு நல்ல குணம்.

முதலில் மனசில் பட்டதை எழுதி, அலுவலக டைப்பிஸ்ட் அக்காவிடம் நீட்டினாள்: "அவசரக்காரர். சொன்னால் கேட்பதில்லை."

அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "என்னடி இது, மாமியார் வீட்டுக்குப் பிராது எழுதின மாதிரி இருக்கு?"

"உண்மைதானேக்கா."

"உண்மைன்னா? உன்னைவிடப் பதினஞ்சு வயசு மூத்த மனுஷன். இதப் படிச்சிட்டு அவர் மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு? பட்டியல்தான் குடுத்திருக்காங்களே, அதப் பாரு."

பட்டியலைப் பார்த்தாள். "ஆவணப்படுத்தலில் மேலும் சிறப்புறும் வாய்ப்புகள் இவருக்குக் காத்திருக்கின்றன."

"யாரு காத்திருக்கா?" என்றாள் அக்கா. "பஸ் ஸ்டாப்பிலயா?"

சரி, மரியாதையாக நாமே எழுதுவோம் என்று மூன்றாவது தாள் எடுத்தாள். அதை அக்காவிடம் காட்ட வெட்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவன் ஏ.சி. மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டே உரக்கப் படித்தான்:

"தமது நீண்ட அனுபவத்தின் துணையால், பணி நிறைவுறும் தருணத்தை முன்கூட்டியே உணர்ந்து கையொப்பமிடும் பேராற்றல் வாய்ந்தவர்." தாளைக் கீழே வைத்தான். "எப்ப விழா? மாலை நான் வாங்கியாரணுமா?"

"கிண்டல் பண்ணாதீங்க. மரியாதையா எழுதினா விஷயம் காணாமப் போகுது. விஷயத்த எழுதினா மரியாதை போகுது."

"என்னைப் பத்தி எழுதேன், பாக்கலாம்."

அவள் யோசிக்கவே இல்லை. அதுவே அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். சர்ரென்று எழுதி நீட்டினாள்: "பொறுப்பில்லாதவர்."

"யாருடி பொறுப்பில்லாதவன்?" சோற்றுக் கையோடு எழுந்தே விட்டான். "இந்த வீட்டு வாடகை, புள்ளைங்க ஃபீஸ், உங்கம்மா கண் ஆபரேஷன், எல்லாம் யாரு பாத்தது?"

அவள் அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்: "இந்த மாதம் மூன்று முறை கேஸ் அடுப்பை அணைக்காமல் வெளியே போனார்."

அவன் படித்தான். உட்கார்ந்தான். "மூணு இல்ல, ரெண்டு."

"பால் பொங்கின அன்னிக்கு?"

"ஆமா... மூணுதான்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "இதுக்குக் கோவம் வரல பாரு. செஞ்சதத்தானே சொல்லியிருக்க. நான் இன்ன மாதிரி ஆளுன்னு முத்திரை குத்தல."

மறுநாள் முழுக்க நிதானமாக எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். 'தவறு' என்று போடலாமா? சூடு போடுகிற மாதிரி இருந்தது. 'பழக்கம்' என்றால் குடிப்பழக்கம் மாதிரி தொனித்தது. 'கவனக்குறைவு' பொய்; அவரைப் போல இயந்திரத்தைக் கவனிப்பவர் இல்லை. கடைசியில் அந்தச் சொற்கள் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"இயந்திரத்தை நன்கு அறிந்தவர். இவர் பொறுப்பில் எந்தக் கருவியும் தாமதமானதில்லை. கடந்த மூன்று மாதங்களில் நான் நேரில் பார்த்த நாற்பது சுற்றுகளில், ஏழில், இயந்திரம் நிற்கும் முன்பே 'முடிந்தது' என்று கையொப்பமிட்டிருந்தார். இயந்திரம் நின்று, சீட்டைப் படித்த பின்னரே அவர் கையொப்பமிட வேண்டும்."

அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வந்தார், உட்கார்ந்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

"அண்ணே! படிக்கவே இல்லையே நீங்க!"

"நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டு, இன்னொன்று அச்செடுத்து வந்து, பேனாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, "படிங்கண்ணே" என்றாள்.

படித்தார். உதடு அசைய, மெதுவாக. நாலு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் நினைக்கவில்லை.

"ஆறு வருஷமா நல்லாத்தானேம்மா எழுதிக்கிட்டிருந்த?" குரல் இறங்கியிருந்தது. "போன வருஷம் எழுதினத மாப்பிள்ளைகிட்ட காட்டினேன். டாக்குமென்டேஷன்னு போட்டிருக்கு, பெரிய வார்த்தை மாமா, உங்கள மதிக்கிறாங்கன்னு சொன்னாரு."

"அப்பவும் இதேதாண்ணே எழுதினேன். எல்லாருக்கும் எழுதினேன். உங்களுக்குப் புரியுற மாதிரி எழுதல. அது என் தப்பு."

"அப்ப இது குழுவுக்குப் போனா என்னைய நிரந்தரம் பண்ண மாட்டாங்க."

"பண்ணாமப் போகலாம்."

"எடுத்துடேன். ஏழு தடவைதானே."

"எடுத்துட்டா நிரந்தரம் ஆகிடும்ணே. அப்புறம் எட்டாவது தடவை ஈரப் பொதி மேல போச்சுன்னா, அங்க படுத்திருக்கிறவங்களுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

படிவத்தின் அடியில் 'பணியாளர் கருத்து' என்று ஒரு கட்டம் உண்டு. அந்த மருத்துவமனை வரலாற்றில் அதை நிரப்பியவர் கிடையாது. அவர் கையை நீட்டிப் பேனாவைக் கேட்டு வாங்கி, அந்தக் கட்டத்தில் குனிந்து எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். எழுந்து போய்விட்டார்.

அவள் எடுத்துப் பார்த்தாள். "ஏழு அல்ல, பதினொன்று. நான்கை மேடம் பார்க்கவில்லை."

குழு கூடிய அன்று அவளையும் வெளி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. எச்.ஆர். அதிகாரி சொன்னார்: "அவரே பதினொண்ணுன்னு ஒப்புக்கிட்டிருக்காரு சார். எழுத்துல இருக்கு. எப்படி நிரந்தரம் பண்றது?"

"மத்த பிரிவுக்காரங்க படிவத்தையும் படிங்க," என்றார் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்.

அதிகாரி படித்தார். "மேலும் சிறப்புறும் வாய்ப்புகள் காத்திருக்கின்றன. இவருக்கும் காத்திருக்கின்றன. இவருக்கும்..."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

அதிகாரி கனைத்தார். பட்டியல் அவருடையது.

தலைமை நர்ஸ் அம்மாவின் குரல் கேட்டது. "என்ன பண்றாங்கன்னே புரியாத முப்பது பேர நிரந்தரம் பண்ணியாச்சு. என்ன பண்றாருன்னு புரிஞ்ச ஒரே ஆள வெளிய அனுப்பணுமா? நல்லா இருக்கு நியாயம்! ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிறவ நான். தன் தப்ப எண்ணி வச்சிருக்கிறவர் கையெழுத்துப் போட்ட பொதிதான் எனக்கு வேணும்."

கடைசியில் மூன்று மாதம் பார்ப்பது என்று முடிவானது. ஒரு முறைகூட முந்தாமல் இருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் இல்லை. முடிவைக் கேட்ட அண்ணன், "சரி" என்றார். அந்த மூன்று மாதமும் அவளோடு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. 'அம்மா' போய் 'மேடம்' வந்தது. மரியாதை கூடினால் வலிக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தினமும் சீட்டையும் லாக் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தாள். போகிற வருகிற போதெல்லாம் எட்டியும் பார்த்தாள். இயந்திரம் ஓடும்போது லாக் புத்தகத்தில் 'முடிந்தது' கட்டம் காலியாகவே இருந்தது.

உத்தரவு வந்த அன்று அவளால் நடந்து வர முடியவில்லை, ஓடினாள். கையில் தாள். "அண்ணே! நிரந்தரம்! கையெழுத்தாகி வந்துடுச்சு!"

அவர் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பேனா மூடிகூடத் திறக்கவில்லை. திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார்.

"இரும்மா. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

அவள் தாளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.