கதவு திறந்தால் நகரும் பெயர்

என் தங்கை அனுப்பியிருந்த செய்தியில் நான்கு வரிகள். கடைசி இரண்டு வரிகள் என்னைச் சின்னப் பிள்ளையாக்கின.

"மணிக்கூண்டுல இறங்கிடாதீங்க. அதுக்கு அடுத்தது, மணிக்கூண்டு சந்திப்பு. போர்டுல எம்.கே.ஜே.ன்னு போட்டிருக்கும். வெறும் எம்.கே. இல்ல."

முப்பத்தொரு வருடம் எடை, அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசில் ஒரு நூல் பிசகினால் முத்திரை போட மறுத்தவன். எனக்கு இரண்டு எழுத்துக்கும் மூன்று எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதாம். பதினொரு வருடங்களுக்குப் பிறகு அண்ணனுக்கு அனுப்பும் முதல் செய்தி இதுதானா?

பதினொரு வருடம் என்றால் சும்மா இல்லை. அவள் தன் மகளை, எங்களில் ஒருவரையும் கேட்காமல், மேடையில் மத்தளம் அடிக்கிற ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தாள். நான் போகவில்லை. போகாதது சரி என்றே இன்றும் சொல்வேன். இப்போது அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு, மகளோடு இருக்க நிரந்தரமாகத் தூர ஊருக்குப் போகிறாள். மகளே வந்து அழைத்துப் போகிறாள். அவர்கள் ரயில் சந்திப்பிலிருந்து பதினொன்று ஐந்துக்குக் கிளம்பும். செய்தியின் முதல் இரண்டு வரிகள் இவை: "வழியனுப்ப வந்தீங்கன்னா எல்லாத்தையும் மறந்துடறேன். வரலேன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன்." என் குடும்பத்தில் யாரும் வெறும் வார்த்தை பேசுவதில்லை. கூப்பிட மாட்டேன் என்றால் கூப்பிட மாட்டாள்.

ஆகவே கிளம்பினேன். தனியாகப் போனால் கெஞ்சப் போனதாகத் தெரியும் என்று தம்பியையும் அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டேன். தம்பி பல் டாக்டர். ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்ப்பவனுக்குக் கண் முன்னால் இருப்பது தெரியாது. அவன் மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அவள் எழுத்தை மேய்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டாள்.

நகர ரயிலில் கூட்டம். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, கிடைத்துத்தான் ஆக வேண்டும். கதவுக்கு மேல் வரிசையாக நிலையப் பெயர்கள், அவற்றின் அடியில் சிறு விளக்குகள். அடுத்து வரும் நிலையத்தின் விளக்கு மினுக்கும். கூடவே ஒரு பெண்குரல். தேன் தடவிய குரல். ஒரு தடவைகூட மூக்குச் சிந்தாத, மூச்சு வாங்காத குரல்.

மூன்றாவது நிலையம் தாண்டியதும் அந்தத் தேன்குரலை இடைமறித்து, ஓட்டுநர் தன் வாயாலேயே எதையோ சொன்னார். தகர டப்பாவுக்குள் கல் உருட்டினாற்போல இருந்தது. வண்டி வேகம் குறைந்து, ஆளில்லாத ஒரு நடைமேடையைக் கடந்து, நிற்காமல் போனது.

"என்னவாம்?" என்றான் தம்பி.

"பஞ்சாலையில வேலை நடக்குதாம், நிக்காதாம்" என்றாள் அவன் மனைவி.

"நமக்கென்ன, நாம பஞ்சாலைக்கா போறோம்?" என்றேன்.

சற்று நேரத்தில் தேன்குரல் வந்தது: "அடுத்த நிறுத்தம், பஞ்சாலை."

தம்பி மனைவி தலையைத் தூக்கினாள். "அத்தான், பஞ்சாலைதான் போயிடுச்சே. இது பின்தங்கிப் போச்சு."

"கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய இயந்திரம் தப்பாகச் சொல்லுது, டப்பா சத்தம் சரியாகச் சொல்லுதா?" என்றேன்.

அவள் எதிர்த்துப் பேசியிருந்தால்கூடத் தேவலை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தாள். கதவோரம் துடைப்பத்தோடு நின்றிருந்த ரயில் துப்புரவுப் பணியாளரிடம் போய்க் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் வழி கேட்டதில்லை. என் தகப்பனார் கால் மைல் சுற்றிப் போவாரே தவிர, வீதியில் நிற்கிறவனை நிறுத்திக் கேட்கமாட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதுதான் திரும்ப மறுத்தது.

"கதவு தெறந்தாத்தாம்மா அது ஒரு பேரு நகரும்" என்றார் அவர். "நிக்காமப் போனா அதுக்கு எப்படித் தெரியும்? டிரைவர் கையால தள்ளி விடணும். இவரு மறந்துட்டாரு. கடைசி ஸ்டேஷன் வரைக்கும் அம்மணி இப்படித்தான் ஒண்ணு பின்னாடியே பேசிக்கிட்டு வரும்."

"அப்போ எதை நம்புறது?"

"வெளியே போர்டு இருக்குல்ல? போர்டு எங்கேயும் நடந்து போகாதும்மா."

பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள். எங்கள் வீட்டுப் பெண் கேட்ட கேள்விக்கு நாலு பேர் சிரிப்பது எனக்குப் புதிது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும், "சந்தேகம் தீர்ந்ததா?" என்று கேட்டேன். கேட்ட விதத்தில் தம்பி தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தான்.

அடுத்த நிலையத்தில் ஆட்கள் ஏறி எனக்கும் எதிர்ப்பக்க ஜன்னலுக்கும் நடுவே சுவராக நின்றார்கள். அதற்கடுத்ததிலும் அப்படியே. என் பக்கத்து ஜன்னலில் சோப்பு விளம்பரம்தான் தெரிந்தது. குரல் சொன்னது, "நூலகம்." சரி, நூலகம். அதற்கடுத்தது மணிக்கூண்டு, பிறகு சந்திப்பு. விளக்கும் அதையே சொன்னது. இரண்டு சாட்சிகள். எந்த விசாரணையிலும் இது போதும்.

அப்போது யோசித்திருக்கலாம்தான். குரலும் விளக்கும் ஒரே பெட்டியிலிருந்து வருகிறவை. ஒருவன் பொய் சொல்லி, அவன் நிழலும் அதற்குத் தலையாட்டினால் இரண்டு சாட்சிகள் ஆகிவிடாது. ஆனால் என் மனம் முழுக்கத் தங்கையின் செய்திதான். மணிக்கூண்டில் இறங்கிடாதீங்க. இறங்கமாட்டேன், தாயே. நீ நினைக்கிற ஆள் நான் இல்லை.

வண்டி நின்றது. "மணிக்கூண்டு. கதவுகள் இடதுபுறம் திறக்கும்" என்றது குரல். இந்த முறை நடைமேடை என் பக்கம். வெளியே பெயர்ப்பலகை. பெரிய எழுத்தில் மணிக்கூண்டு. அதன் மிச்சத்தை ஒரு பருத்த தூண் மறைத்திருந்தது. மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. குரலும் பலகையும் ஒத்துப்போய்விட்டன அல்லவா? தங்கை எச்சரித்த பொறி இதுதான். காலை ஊன்றி உட்கார்ந்தேன்.

தம்பி மனைவி எழுந்தாள். "அத்தான், இறங்குங்க. இதுதான்."

"இது மணிக்கூண்டு."

"தூண்ல பாருங்க. சின்னதா எம்.கே.ஜே.ன்னு போட்டிருக்கு."

"பலகையே சொல்லுது, குரலும் சொல்லுது. தூணில் கிறுக்கினதை நம்பணுமா?"

"கிறுக்கல் இல்ல, அத்தான், கோட். ஸ்டேஷனோட கோட்!"

"உட்காரும்மா. நாலு பேர் பார்க்கறாங்க."

தம்பி பாதி எழுந்து, என் முகத்தைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தான். பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். அவள் மட்டும் இறங்கிவிட்டாள். பிளாட்பாரத்தில் நின்று, அடக்கமுள்ள வீட்டுப் பெண் எழுப்பக் கூடாத சத்தத்தில், "எம்.கே.ஜே!" என்று கத்தினாள். கதவு மூடியது.

வண்டி நகர்ந்தது. தூண் விலகியது. நடைமேடையின் கோடியில் இன்னொரு பலகை, எதுவும் மறைக்காமல், மஞ்சளாக, முழுசாக வந்து என் முகத்துக்கு நேரே நின்றுவிட்டுப் போனது. மணிக்கூண்டு சந்திப்பு. கீழே எம்.கே.ஜே.

"அடுத்த நிறுத்தம், மணிக்கூண்டு சந்திப்பு" என்றது தேன்குரல்.

அந்தக் குரலுக்கு உடம்பு என்று ஒன்று இருந்திருந்தால், அன்றைக்கு என் கைக்கு வேலை இருந்திருக்கும்.

"அண்ணா" என்றான் தம்பி மெதுவாக.

"ஒண்ணும் பேசாதே."

அடுத்த நிலையம் ஆற்றங்கரை. பெயரையும் கோட் எழுத்தையும் இரண்டு முறை படித்துவிட்டு இறங்கினேன். எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போக மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். நாற்பத்தாறு படி ஏற்றம், நாற்பத்தாறு இறக்கம். தம்பிக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வாங்கவில்லை. திரும்பும் வண்டி ஒன்பது நிமிடம் கழித்து வந்தது. சந்திப்பில் நாங்கள் இறங்கியபோது மணி பதினொன்று எட்டு. தூர வண்டி நின்ற தடத்தில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில் கிடந்தது.

தம்பி மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை.

"உங்க தங்கச்சியைப் பார்த்தேன்" என்றாள். "பத்து நிமிஷம் பேசினேன். நீங்க வந்திருக்கீங்கன்னு சொன்னேன்."

"வந்திருக்கேன்னா? எங்கேன்னு கேட்கலையா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "கீழே வாசல்ல நிக்கிறார், முட்டி வலி, படி ஏற முடியலன்னு சொல்லிட்டேன். அழுதுட்டாங்க. 'பாவம் அண்ணா, எப்படி இருந்தவர்'னு சொல்லி இந்தத் தைலத்தைக் கொடுத்துட்டுப் போனாங்க."

பையைத் திறந்து பார்த்தேன். பாதி தீர்ந்த தைலப் புட்டி.

நியாயமாகப் பார்த்தால் காரியம் முடிந்துவிட்டது. வந்தேன் என்று அவள் நம்பிவிட்டாள். பதினொரு வருடம் கரைந்துவிட்டது. என் மானத்துக்காக இந்தப் பெண் பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் அழகாக. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஆயுள் முழுக்க நொண்டினால் போதும்.

ஆனால் நாற்பத்தாறு படியை இப்போதுதான் ஏறி இறங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எவனும் பரிதாபத்தில் மன்னிப்பு வாங்கியதில்லை. பொய்யான முட்டிக்காக அழுதவளிடம் வாங்கிய சமாதானம் கள்ள எடைக்கல். அதற்கு நான் முத்திரை போடமாட்டேன்.

போனை எடுத்து நானே கூப்பிட்டேன்.

"அண்ணா!" என்றாள் தங்கை. பின்னால் வண்டிச் சக்கரத்தின் தடதடப்பு. "முட்டிக்குத் தைலம் போட்டீங்களா? ராத்திரி சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க."

"என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை."

"அப்போ ஏன் மேல வரல?" குரல் உடனே மாறிவிட்டது. பதினொரு வருடம் அந்த ஒரு கேள்வியில் திரும்பி வந்து நின்றது. "என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கலையா?"

தம்பியும் அவன் மனைவியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டேன்.

"ஸ்டேஷனைத் தவறவிட்டுட்டேன்" என்றேன். "தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்பி வந்தேன்."

அவள் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. சின்ன வயதில் மூச்சுத் திணறும்வரை சிரித்துத் தலையில் குட்டு வாங்குவாளே, அந்தச் சிரிப்பு.

"நீங்களா? அண்ணா, நீங்களா? எழுதி அனுப்பினேனே, எழுத்து எழுத்தா!"

"அந்த இயந்திரம் பொய் சொல்லிச்சு."

"தெரியும் தெரியும். இந்தாடி, உங்க மாமா. நீயே கேளு."

போன் கைமாறும் சத்தம். நான் போகாத கல்யாணத்தின் மணப்பெண். தொட்டிலில் கிடந்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். அவளிடம் என்ன பேசுவது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"மாமா?" என்றாள், பெரிய மனுஷியின் குரலில். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "இப்போ எங்க நிக்கிறீங்க? பத்திரமா இருக்கீங்களா?"

தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தேன். கடைசி எழுத்துவரை பார்த்தேன்.

"மணிக்கூண்டு சந்திப்பு" என்றேன். "எம்.கே.ஜே. அது இருக்கட்டும், உன் வீட்டுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்கணும்? கோட் எழுத்தையும் சொல்லு."