கடைசிப் பத்தி

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் ஜிஸ்னா முதலில் வந்தாள். ஆர்ச்சா இரண்டாவது. நடுவே ஏழெட்டு அடிதான். ஏழெட்டு அடி பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் ஒருமுறை இரண்டாவதாக வந்து பார்க்கட்டும். விளையாட்டு விழா முடிந்து மூன்று நாள் ஆகியும் ஆர்ச்சாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

எரியாமல் என்ன செய்யும்? ஜிஸ்னாவை ஓட்டத்துக்கு இழுத்து வந்ததே ஆர்ச்சாதான். இரண்டு வருஷமாக விடிந்தும் விடியாமலும் ரப்பர் தோட்டத்துச் சாலையில் சேர்ந்து ஓடுகிறார்கள். போன வருஷம் வரை ஜிஸ்னாவுக்கு மூச்சு வாங்கும், ஆர்ச்சா நின்று காத்திருப்பாள். இந்த வருஷம் பள்ளிக்கூடத்தின் பதினொரு வருஷச் சாதனையையே அந்தப் பெண் உடைத்துவிட்டாள். இரண்டு நிமிஷம் முப்பத்தேழு விநாடி. இத்தனைக்கும் விளையாட்டு வாத்தியார் ஷாஜு மாஷ் ஆர்ச்சாவுக்காகப் பிடித்திருந்த இரண்டாவது கடிகாரமும் பழைய சாதனைக்குக் கீழேதான் நின்றது. அதை யார் கேட்டார்கள்? பலகையில் ஏறுவது முதல் பெயர் மட்டுமே.

சரி, ஓட்டம் போனால் போகட்டும், எழுத்து இருக்கிறதே என்று ஆர்ச்சா தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் லிஸி டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து அந்த வேலையைக் கொடுத்தார்.

"விளையாட்டு விழாவைப் பத்தி ஆளுக்கொரு செய்தி அறிக்கை. தலைப்பு, ஊர், தேதி, முதல் பத்தி, மேற்கோள் எல்லாம் இருக்கணும். நல்லா வர்ற ஒண்ணை இங்கிலீஷ் பேப்பரோட சனிக்கிழமை பள்ளிக்கூடப் பக்கத்துக்கு அனுப்புவேன். எழுதினவங்க பேரும் போடுவாங்க."

வகுப்பே திரும்பி ஆர்ச்சாவைப் பார்த்தது. ஆங்கிலத்தில் அந்த வகுப்பில் அவளை விட்டால் ஆள் கிடையாது. ஜிஸ்னாவுக்கு ஆங்கிலம் என்றால் கல்லும் முள்ளும்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார் டீச்சர். "கதை மாதிரி கடைசியில ரகசியத்தை வைக்கிற வேலை இங்க ஆகாது. பெரிய சேதி மேல. சின்னது போகப் போகக் கீழ. ஏன்? திடீர்னு ஒரு விளம்பரம் வந்து இடம் பத்தலைன்னா, பேப்பர்ல இருக்கறவங்க கீழ இருந்து வெட்டுவாங்க. அப்ப முக்கியமானது போயிடக் கூடாது. இன்னொண்ணு, மேற்கோள் குறிக்குள்ள வர்றது அவங்க சொன்னதா இருக்கணும். போன வருஷம் மாதிரி 'விளையாட்டு உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்லதுன்னு சிறப்பு விருந்தினர் கூறினார்'னு நாப்பது பேரும் எழுதிட்டு வராதீங்க. அன்னைக்கு அந்த மனுஷன் வரவே இல்ல."

வகுப்பு சிரித்தது. ஆர்ச்சா சிரிக்கவில்லை. கீழே இருந்து வெட்டுவார்கள் என்ற அந்த ஒரு பேச்சு அவள் காதில் தேனாகப் பாய்ந்திருந்தது.

மத்தியானம் மேற்கோள் வாங்கப் போனாள். ஊராட்சித் தலைவர் பேசியது நோட்டில் இருந்தது. ஷாஜு மாஷ் இரண்டு வாக்கியம் சொன்னார். நீல அணியின் தலைவி ஒன்று சொன்னாள். ஜிஸ்னாவிடமும் கேட்டே ஆக வேண்டும், கேட்காவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? குழாயடியில் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றாள்.

"ஏய் ஜிஸ்னா, ஏதாவது சொல்லு. எழுதணும்."

"ஐயோ, பத்திரிகைக்காரி வந்துட்டா! தலையைச் சீவிட்டு வரட்டா?"

"போட்டோ இல்லடி. சொல்றதைச் சீக்கிரம் சொல்லு, பெல் அடிச்சிடும்."

ஜிஸ்னா கையைப் பாவாடையில் துடைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "கடைசிச் சுத்துல எனக்கு எதுவும் தெரியலடி. என் பின்னால ஆர்ச்சா காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அதுக்குப் பயந்து ஓடினேன். அவ வரலைன்னா இந்தச் சாதனை இல்ல. பாதி அவளோடதுன்னு எழுதிக்கோ."

ஆர்ச்சா எழுதினாள். எழுதிய கை கூசியது. மூச்சு இரைத்து நின்ற பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? ஓட்டத்திலும் முந்திவிட்டு, பெருந்தன்மையிலும் முந்துகிறாளே! பாதி உன்னோடது என்று பிச்சை போடுகிறாளே! திட்டியிருந்தால் கூட ஆர்ச்சாவுக்கு இவ்வளவு பற்றியிருக்காது.

அன்று மாலை மேஜையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். தலைப்பு: நீல அணிக்கு ஒட்டுமொத்தக் கோப்பை. முதல் பத்தியில் யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் பிசகாமல் வந்தன: மேலங்கடவு அரசுப் பள்ளியின் ஆண்டு விளையாட்டு விழாவில், வெள்ளிக்கிழமை, நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளுடன் நீல அணி வென்றது. அடுத்து அணிவகுப்பு. அடுத்து ஊராட்சித் தலைவர் பேச்சு. அதற்கடுத்து கயிறு இழுத்தல், அதில் கயிறு அறுந்தது, ஷாஜு மாஷ் சொன்னது. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசிப் பத்தியில், மூன்றே வரியில்: பச்சை அணியின் ஜிஸ்னா எண்ணூறு மீட்டரில் பதினொரு ஆண்டுச் சாதனையை முறியடித்தார்.

மேற்கோளில் பேனா நின்றது. சொன்னதைச் சொன்னபடி போட்டால் அவள் பெரிய மனுஷி ஆகிவிடுவாள். போடாமலே விட்டால் டீச்சர் கேட்பார். ஆர்ச்சா எழுதினாள்: "'மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. கடவுளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி' என்றார் ஜிஸ்னா." யார் வாயிலும் வைக்கக்கூடிய சோறு அது. தன் பெயரும் அதோடு போயிற்று என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

லிஸி டீச்சர் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "நடை பிரமாதம். ஆனா சாதனையை ஏன் அடியில போட்டே?"

"கோப்பை எல்லாருக்கும் பொதுவான சேதி டீச்சர். ஓட்டம் ஒருத்தரோடதுதானே?"

டீச்சரின் மேஜையில் இரண்டு வகுப்பு நோட்டு எண்பது காத்திருந்தது. "ம். அதுவும் ஒரு வாதம்தான்" என்று சொல்லி, விழாவில் எடுத்த நாலு படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் ஆசிரியர் அறைக்குப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் வந்ததாம். நேரம் சரியா, பழைய சாதனை யாருடையது என்று கேட்டார்களாம். ஷாஜு மாஷ் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாராம். அச்சில் வரப்போகிறது என்பது மட்டும்தான் ஆர்ச்சாவின் மனதில் தங்கியது. எண்களைச் சரிபார்க்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லி நேந்திரம்பழத்தில் பழம்பொரி போடச் செய்து சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை நாற்சந்தியில் இருக்கும் கடைக்கு ஓடிப்போய் பேப்பரைப் பிரித்தாள். பள்ளிக்கூடப் பக்கம். அதன் நடுவே பெரிய படம். முடிவுக் கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் விரித்து நிற்கும் ஜிஸ்னா. மேலே தடித்த எழுத்தில்: பதினொரு ஆண்டுச் சாதனை தகர்ந்தது. கீழே ஜிஸ்னா, ஜிஸ்னா, ஜிஸ்னா. பழைய சாதனைக்காரி இப்போது எங்கோ நர்சாக இருக்கிறாள் என்பது வரை விசாரித்துப் போட்டிருந்தார்கள். நீல அணிக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி. அணிவகுப்பு இல்லை, தலைவர் பேச்சு இல்லை, அறுந்த கயிறும் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. 'நமது நிருபர்' என்று இருந்தது.

வெட்டுகிறவர்கள் முதலில் கடைசி வரை படிப்பார்கள் என்பதை டீச்சர் சொல்லவில்லை. இவளும் யோசிக்கவில்லை. மண்ணுக்குள் புதைத்ததைத் தோண்டி எடுத்து மாலையும் போட்டுவிட்டார்கள்! ஆர்ச்சா பேப்பரைக் கசக்கப் போனாள். கடைக்காரர் முறைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜிஸ்னாவின் அப்பா குஞ்ஞுமோன் பிடித்துக்கொண்டார். ரப்பர் வெட்டிவிட்டு வந்த கையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அதே பேப்பர், மூன்று பிரதி.

"மோளே, நல்ல வேளை வந்தே! எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு உனக்குத் தெரியுமே. இவ குளிக்கப் போயிட்டா. நீ எழுதினதுதானே, நீயே படிச்சுச் சொல்லு."

தப்பிக்க வழியில்லை. ஆர்ச்சா நின்றபடியே படித்து, படித்ததைப் பேச்சில் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையாட்டினார். ஒவ்வொரு ஆட்டலும் இவளுக்குக் குத்தியது.

"இவ என்ன சொன்னான்னு போட்டிருக்காங்க? அதைச் சொல்லு. அன்னைக்கே வந்து சொன்னா, உன்னைப் பத்திச் சொல்லியிருக்கேன்னு."

அச்சில் இருந்தது கடவுளும் பெற்றோரும் ஆசிரியர்களும். ஆர்ச்சா அந்த வரியை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, அவளே எதிர்பார்க்காமல், நோட்டில் இருந்ததைச் சொன்னாள்: "என் பின்னால ஆர்ச்சா காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. பாதிச் சாதனை அவளோடது."

குஞ்ஞுமோனின் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எங்க இருக்கு மோளே? விரலை வை. கோடு போட்டு வைக்கிறேன். உங்க ரெண்டு பேர் பேரும் ஒரே இடத்துல இருக்கில்ல, சட்டம் போட்டு மாட்டலாம்."

விரல் எங்கே போகும்? பேப்பர் முழுக்கத் தேடினாலும் அங்கே அவள் பெயர் கிடையாது. ஈரத் தலையோடு ஜிஸ்னா வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஆர்ச்சாவுக்குத் தெரிந்துவிட்டது. தத்தித் தத்தியாவது அவள் அதைப் படித்திருக்கிறாள்.

"அப்பா, அது அதுல இல்ல" என்றாள் ஜிஸ்னா. "பேப்பர்காரங்க வெட்டிட்டாங்க போல. இல்லடி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவைத் திறந்தே வைத்திருந்தாள் அந்தப் பெண். அதுதான் ஆர்ச்சாவுக்குப் பொறுக்கவில்லை. இதிலும் இவள் கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா?

"அவங்க வெட்டல. நான்தான் வெட்டினேன்" என்றாள். "நீ சொன்னதை நான் போடவே இல்ல. அந்த நன்றியெல்லாம் நானா எழுதினது."

குஞ்ஞுமோனுக்கு நிஜமாகவே புரியவில்லை. பேனாவைப் பிடித்தபடி கேட்டார். "உன் பேர் இருந்ததை நீயே எதுக்கு மோளே வெட்டினே?"

ஜிஸ்னாதான் சொன்னாள், சத்தம் போடாமல்.

"தன் மூக்கு அறுந்தாலும் பரவால்ல, எனக்குச் சகுனம் கெடணும்னுதான் அப்பா." துண்டால் தலையை ஒருமுறை துவட்டிக்கொண்டாள். "கேட்டிருந்தா நான் சொல்லாமலே இருந்திருப்பேன், ஆர்ச்சா. பொய்யா எழுதியிருக்க வேண்டாம்."

அவள் பேப்பரை வாங்கி மடித்து உள்ளே கொண்டுபோனாள். குஞ்ஞுமோன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

ஆர்ச்சா வீட்டுக்கு நடந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது, இல்லாமல் என்ன? ஆனால் பாதி தூரம் போனதும் அவள் மனம் வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. ஜிஸ்னா அத்தனையும் சொன்னபோது அவள் குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. தனக்கு அப்படி வராது என்று நினைத்தாள். நினைத்ததும் வயிறு மறுபடி எரிந்தது.