திரையில் ஒரு கறை

போன் கீழே விழுந்ததில் அதன் பக்கத்துப் பட்டன் உள்ளே போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. பழுது பார்க்கும் கடைக்காரர், "பாகம் வர நாளாகும். அதுவரைக்கும் இத வச்சுக்கோங்க" என்று அமைப்புகளில் எதையோ தொட்டார். திரை ஓரத்தில் வட்டமாக ஒரு பட்டன் மிதந்தது. அழுத்திப் பிடித்தால் மெனு விரியும். ஒருமுறை தொட்டால் திரை பூட்டிக்கொள்ளும். சும்மா இருக்கும்போது மங்கிப்போய் எண்ணெய்க் கறைபோல் தெரிந்தது.

என் நாத்தனாரும் அவள் கணவரும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். அன்று மாலை அவள் இறங்கி வந்தாள்.

"அந்த ஜாக்கெட் டிசைனக் காட்டுடி."

நாங்கள் தனிக்குடித்தனம் போகப் பார்த்திருந்த வீட்டைப் பற்றி, தரகர் எந்த நொடியிலும் செய்தி அனுப்புவார். மாமியாரிடம் என் கணவர் இன்னும் சொல்லவில்லை. இவள் வாய்க்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குள் சொந்தம் முழுக்கப் பரவிவிடும். கொடுக்கமாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நல்லவளாக இருப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.

படங்களைத் திறந்தேன். வட்டத்தை அவள் கட்டைவிரல் இருக்கும் ஓரத்துக்கு இழுத்து வைத்துவிட்டு நீட்டினேன்.

இரண்டு படம் தள்ளினாள். திரை அணைந்தது.

"என்னடி, செத்துப்போச்சு?"

"பழைய போன் அண்ணி." கடவு எண்ணைப் போட்டுத் திறந்து கொடுத்தேன்.

மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை அவள் வட்டத்தையே முறைத்தாள். "ஏதோ கறை." கட்டைவிரலால் தேய்த்தாள். வட்டம் நழுவி எதிர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"அய்யய்யோ, ஓடுதுடி!"

துரத்திப் பிடித்து ஒரு குத்து விட்டாள். திரை கறுத்தது. சிரிப்பை அடக்கியதில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. உள்ளே ஒரு சின்னக் குற்றவுணர்வும் இருந்தது. அதைவிட மகிழ்ச்சி அதிகம்.

அவள் லேசுப்பட்டவள் இல்லை. அது மிதக்கும் பட்டன் என்பதை என்னிடமிருந்து கறந்துவிட்டாள். "என் போன்லயும் பட்டன் கல்லு மாதிரி இருக்கு. விரலே வலிக்குது. எனக்கும் அத வச்சுக் கொடு."

கடவு எண்ணைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் நுழைந்து மிதக்கும் பட்டனை இயக்கினேன். ஒரு தொடுதலுக்குத் திரைப் பூட்டைத் தேர்ந்தெடுத்த நேரத்தில், அவள் திரையின் மேலே ஒரு செய்தி இறங்கியது. அதே தரகர்.

'மேடம், பார்க்குக்கு எதிர்க் கட்டடத்துல ரெண்டாம் மாடி உங்களுக்குத்தான். உங்க அம்மா கிட்டயும் உங்க தம்பி கிட்டயும் நான் மூச்சு விடமாட்டேன்.'

எங்களுக்குப் பார்த்திருந்தது அதே கட்டடத்தில் முதல் மாடி.

காலடிச் சத்தம் கேட்டது. வட்டத்தைத் தொட்டேன். திரை கறுத்தது.

"என்ன ஆச்சு?" அவள் குரலில் பதற்றம்.

"ஒண்ணுமில்ல அண்ணி, கறை நல்லா வேலை செய்யுது."

போனை வாங்கிக்கொண்டவள், என் முகத்தைச் சற்று நேரம் படித்தாள். நான் நல்லவளாகச் சிரித்தேன். அங்கேயும் இவள் எங்கள் தலைக்கு மேலேதான்.